மெடலில் ஹைபிரிட், ஸ்டேபிள்ஃபோர்டில் டிரைவர்: எல்லாரும் சொல்வது சரிதானா?

ஈசூன்வாசி · 4 மார்ச் 2025, இரவு 9.12

கோல்ஃபில் என் ஹேண்டிகேப் 18. ஒரே ஹோல், இரண்டு விதமான போட்டி. பார் 4, 372 மீட்டர். டீயிலிருந்து 190 மீட்டரில் இடப்பக்கம் குளம் தொடங்குகிறது, கிரீன் வரைக்கும் கூடவே வருகிறது. வலப்பக்கம் மரங்கள். இந்த மாதம் மொத்த அடியை எண்ணும் மெடல், அடுத்த மாதம் ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட்.

என் ஃப்ளைட்டில் மூன்று பேரும் ஒரே பாட்டு: "மெடல்னா ஹைபிரிட் எடு, புள்ளி ஆட்டம்னா டிரைவர் எடு, இழக்க ஒன்னுமே இல்ல." எனக்கு இது பிடிபடவில்லை. பந்து குளத்தில் விழுந்தால் இரண்டிலும் ஒரு அடி அபராதம்தானே? பாருக்கும் போகிக்கும் நடுவே மெடலில் ஒரு அடி, ஸ்டேபிள்ஃபோர்டில் ஒரு புள்ளி. இதில் வித்தியாசம் எங்கே வருகிறது?

மணல்மேடு · 4 மார்ச், இரவு 9.40

வித்தியாசம் மலையளவு. ஸ்டேபிள்ஃபோர்டில் மைனஸ் கிடையாது. பேர்டி அடித்தால் 3, சொதப்பினால் 0. அதனால் எல்லா ஹோலிலும் அடித்துத் தள்ளலாம். மெடலில் ஒரு ஹோலில் 9 எடுத்தால் அன்றைய ஆட்டமும் போச்சு, ஹேண்டிகேப்பும் எகிறும்.

பழைய கேடி · 4 மார்ச், இரவு 11.05

மணல்மேடு தம்பி சொன்னதில் பாதி சரி.

முதலில் ஹேண்டிகேப். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், மெடலில் நீங்கள் 9 எடுத்தாலும் உங்கள் கணக்கில் 9 ஏறாது. ஒரு ஹோலுக்கு நெட் டபுள் போகிதான் உச்சம். 18 ஹேண்டிகேப்காரருக்கு அந்த பார் 4இல் அது 4, கூட இரண்டு, கூட உங்களுக்குக் கிடைக்கும் ஒரு அடி, ஆக 7. ஸ்டேபிள்ஃபோர்டில் 0 புள்ளி தொடங்கும் இடமும் அதே 7தான். ஹேண்டிகேப் கண்ணுக்கு இரண்டு ஆட்டமும் ஒன்று. 9 வலிப்பது அன்றைய போட்டி முடிவில் மட்டும்.

இப்போது ஈசூன் தம்பி கேட்டதற்கு. உங்களுக்கு அந்த ஹோலில் 4 எடுத்தால் 3 புள்ளி, 5க்கு 2, 6க்கு 1, 7க்கு 0. அதுவரைக்கும் ஓர் அடிக்கு ஒரு புள்ளி என்று சமமாகப் போகிறது. 7 வரை இரண்டு ஆட்டத்துக்கும் இம்மியளவும் வேறுபாடு இல்லை, உங்கள் சந்தேகம் நியாயமானது. வேறுபாடு 8இல்தான் பிறக்கிறது. 8, 9, 10 எல்லாம் மெடலில் அட்டையில் ஏறும். ஸ்டேபிள்ஃபோர்டில் அந்த அடிகளை யாரும் எண்ணுவதில்லை. அந்த முறை தரும் சலுகை மொத்தமே இதுதான்: 7ஐத் தாண்டிய அடிகள் தள்ளுபடி.

உதாரணக் கணக்கு, பத்து முறை ஆடியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹைபிரிட்: ஒரு 4, ஐந்து 5, மூன்று 6, ஒரு 7. மொத்தம் 54 அடி, 16 புள்ளி. டிரைவர்: மூன்று 4, நான்கு 5, பிறகு 7, 8, 9 ஒவ்வொன்று. மொத்தம் 56 அடி, 17 புள்ளி. அடியில் டிரைவர் தோற்கிறது, புள்ளியில் ஜெயிக்கிறது. காரணம் அந்த 8இலும் 9இலும் இருக்கும் உபரி மூன்று அடிகள். அவை இல்லையென்றால் டிரைவர் 53 அடியோடு இரண்டிலும் ஜெயிக்கும்.

ஈசூன்வாசி · 5 மார்ச், காலை 7.20

அப்படியானால் கேள்வியே மாறிவிட்டது. "குளத்தில் விழுமா?" என்று கேட்பதில் பயனில்லை, "8க்குப் போவேனா?" என்றுதான் கேட்க வேண்டும். ஒருமுறை குளத்தில் விழுந்தால் 6தான் வருகிறது, சில நாள் 5கூட. பிறகு 8 எங்கிருந்து வருகிறது?

பழைய கேடி · 5 மார்ச், மதியம் 1.15

இரண்டாவது பந்திலிருந்து.

டீயிலிருந்து அடித்தது குளத்தில் விழுந்தது. கோட்டைக் கடைசியாகக் கடந்த இடத்தைப் பார்த்து, இரண்டு கிளப் நீளத்துக்குள் டிராப் செய்கிறீர்கள். அடுத்தது மூன்றாவது அடி. கிரீனுக்கு இன்னும் 170, 180 மீட்டர், குளம் இன்னும் இடப்பக்கமே. குளக்கரை சரிவில் பந்து கால் மட்டத்துக்குக் கீழேயோ மேலேயோ நிற்கும். வலக்கை ஆட்டக்காரருக்கு அங்கே பந்து மேலே நின்றால் இடப்பக்கம், அதாவது தண்ணீரை நோக்கித்தான் வளையும். போன அடியின் கோபத்தில் நீளமான கிளப்பை எடுத்து கிரீனைப் பார்த்து அடிக்கிறார்கள். அதுவும் குளத்தில். மறுபடி அபராதம், அடுத்தது ஐந்தாவது அடி. அங்கிருந்து கிரீன், இரண்டு பட் என்றால் 7, சின்னப் பிசகு ஒன்று சேர்ந்தால் 8, மூன்று பட் என்றால் 9.

அதனால் மெடலுக்கும் ஸ்டேபிள்ஃபோர்டுக்கும் உண்மையான பிரிவு டீயில் இல்லை, இந்த மூன்றாவது அடியில். மெடலில் 60 மீட்டர் மிச்சம் வைத்து வலப்பக்கமாகத் தட்டிவிடுங்கள்: நாலில் கிரீன், இரண்டு பட், 6. கிரீனைக் குறிவைத்தால் கிடைக்கக்கூடிய லாபம் ஓர் அடி, நஷ்டம் இரண்டு, மூன்று அடி. ஸ்டேபிள்ஃபோர்டில் கையில் இருப்பது ஒரு புள்ளி. கிரீனைக் குறிவைத்தால் லாபம் ஒன்று, நஷ்டமும் அந்த ஒன்றே ஒன்றுதான். கிரீன் ஏறி இரண்டு பட்டில் முடிக்கும் தடவைகள், மறுபடி குளத்தில் விழும் தடவைகளைவிட அதிகமாக இருந்தாலே போதும், அடிக்கலாம். மெடலில் அவை இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும்.

ஜூரோங் மாமா · 5 மார்ச், இரவு 8.02

எங்கள் கம்பெனி ஆட்டமும் இந்தப் புள்ளி முறைதான். பாரோ அதைவிடக் குறைவோ எடுத்தால் 2, போகிக்கு 1, டபுளுக்கும் அதற்கு மேலும் 0. ஹேண்டிகேப் இல்லாதவர்களும் ஆடலாம். நான் எல்லா ஹோலிலும் டிரைவர்தான், டபுளுக்கு மேல் எவ்வளவு போனாலும் கவலையில்லை. ஆனாலும் பரிசு வருவதில்லை. போன தடவை 95 அடி, 16 புள்ளி.

பழைய கேடி · 5 மார்ச், இரவு 9.30

மாமா, நீங்கள் ஆடுவது ஸ்டேபிள்ஃபோர்ட் இல்லை, சிஸ்டம் 36. புள்ளி ஒரே மாதிரி தெரிவதால் பலரும் குழப்பிக்கொள்வார்கள். அதில் புள்ளி உங்கள் மதிப்பெண் இல்லை, அன்றைக்கு உங்களுக்கு ஹேண்டிகேப் கண்டுபிடிக்கத்தான். 36இல் 16 போனால் 20. 95இல் 20 கழித்தால் நெட் 75. பரிசு அந்த நெட்டுக்கு. அதாவது உங்கள் 95 அடியும் எண்ணப்படுகிறது.

தெம்பனீஸ் 24 · 5 மார்ச், இரவு 10.48

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், ஒரு விசித்திரம் தெரிகிறது. பார் 72 திடலில் ஒருவர் 18 ஹோலும் பார் எடுத்தால் 72 அடி, 36 புள்ளி, ஹேண்டிகேப் 0, நெட் 72. இன்னொருவர் 18 ஹோலும் டபுள் போகி எடுத்தால் 108 அடி, 0 புள்ளி, ஹேண்டிகேப் 36, நெட் அதே 72!

பார், போகி, டபுள் மூன்றும் நெட்டில் ஒன்றுதான். போகி எடுத்தால் ஓர் அடி ஏறுகிறது, ஹேண்டிகேப்பும் ஒன்று ஏறி அதை அழித்துவிடுகிறது. நெட்டை மாற்றுவது இரண்டே: பேர்டி ஒன்றைக் குறைக்கும், டபுளைத் தாண்டிய ஒவ்வோர் அடியும் ஒன்றைக் கூட்டும். மாமாவின் 75 என்றால், பேர்டியைக் கழித்த பிறகு டபுளுக்கு மேல் மூன்று அடி உபரி.

அதனால் மாமா செய்வது நேர் தலைகீழ். ஸ்டேபிள்ஃபோர்ட் எந்த அடியைத் தள்ளுபடி செய்கிறதோ, அதே அடியைத்தான் சிஸ்டம் 36 தண்டிக்கிறது. குளம் இருக்கும் ஹோலில் ஹைபிரிட். குளமோ அவுட் ஆஃப் பவுண்ட்ஸோ இல்லாத சின்ன பார் 5இல் பேர்டிக்கு அடியுங்கள், அங்கே போகி வந்தாலும் டபுள் வந்தாலும் இலவசம்.

ஜூரோங் மாமா · 5 மார்ச், இரவு 11.10

பத்து வருஷமாக யாரும் இதைச் சொல்லவில்லையே அம்மா. அப்போ டபுள் வந்ததும் பந்தை எடுத்துவிடலாமா?

தெம்பனீஸ் 24 · 5 மார்ச், இரவு 11.21

கூடாது மாமா. சிஸ்டம் 36இல் மொத்த அடி வேண்டும், குழிக்குள் போட்டே ஆக வேண்டும். சில ஏற்பாட்டாளர்கள் ஒரு ஹோலுக்கு உச்ச வரம்பு வைப்பார்கள், உதாரணமாக பாரின் இரண்டு மடங்கு. அப்படி வைத்தால் பார் 4இல் 8 வரை உபரி இரண்டு அடியோடு நிற்கும். டீ ஆஃபுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மணல்மேடு · 6 மார்ச், காலை 8.15

ஹேண்டிகேப் விஷயத்தில் என்னுடையது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "அடித்துத் தள்ளு" என்பதை விடமாட்டேன். அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர்களே புள்ளி முறையில் ஆவேசமாக ஆடுகிறார்கள். 2002இல் கொலராடோவின் கேசில் பைன்ஸில் ஸ்டீவ் லோவரி 17ஆவது ஹோலில் ஆல்பட்ராஸ் அடித்து ஒரே அடியில் 8 புள்ளி வாரினார். ரிச் பீமிடம் ஒரே ஒரு புள்ளியில்தான் தோற்றார்.

பழைய கேடி · 6 மார்ச், மதியம் 12.50

அது வேறு அட்டவணை. தி இன்டர்நேஷனல் என்ற அந்தப் போட்டியில் ஆல்பட்ராஸ் 8, ஈகிள் 5, பேர்டி 2, பார் 0, போகி மைனஸ் 1, டபுளோ அதற்கு மேலோ மைனஸ் 3. அங்கே மைனஸ் உண்டு, நம் கிளப்பில் இல்லை.

அங்கே ஆவேசம் பலிப்பதற்குக் காரணமும் வேறு. ஒரு பேர்டியும் ஒரு போகியும் எடுத்தால் மெடலில் சரிக்குச் சரி, அந்த அட்டவணையில் ஒரு புள்ளி லாபம். ஈகிளுக்கும் பேர்டிக்கும் மெடலில் ஓர் அடி, அங்கே மூன்று புள்ளி. அதாவது மேலே பரிசைப் பெருக்கிவிட்டார்கள். 1932இல் வாலசி கிளப்பில் டாக்டர் ஸ்டேபிள்ஃபோர்ட் நடத்திய முறையில் மேலே எதுவும் பெருகவில்லை. பாருக்கும் பேர்டிக்கும் ஒன்று, பேர்டிக்கும் ஈகிளுக்கும் ஒன்று. கீழே மட்டும் வெட்டியிருக்கிறது. நம் கிளப் ஆட்டத்தில் துணிச்சலுக்குப் பரிசு கிடையாது தம்பி, விபத்துக்குக் காப்பீடு மட்டும்தான். விபத்தே நடக்காத ஹோலில் அந்தக் காப்பீட்டால் என்ன பயன்?

தெம்பனீஸ் 24 · 6 மார்ச், இரவு 9.05

என் ஹேண்டிகேப் 6. ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 முதல் 6 வரை மட்டுமே எனக்கு ஓர் அடி. மற்ற 12 ஹோலில் டபுள் போகியிலேயே 0 வந்துவிடும், வெட்டு எனக்குச் சீக்கிரம் வருகிறது. ஆனால் அந்த ஹோல்களில் டபுளைத் தாண்டுவதே எனக்கு அபூர்வம். தாண்டாதவருக்குத் தள்ளுபடி எதற்கு? என் அனுபவத்தில் டீயிலிருந்து என் ஆட்டம் மாறுவதே இல்லை. மாறும் ஒரே இடம் கிரீன்.

கடைசிப் புள்ளிக்கான பட். அதாவது போனால் 1, தவறினால் 0. அங்கே பந்து குழியைத் தாண்டி எவ்வளவு ஓடினாலும் கவலையில்லை, அடுத்த பட்டுக்கு மதிப்பே இல்லை. அதனால் வளைவைக் குறைவாக எடுத்து, குழியின் பின்விளிம்பில் மோதும் வேகத்தில் அடிக்கிறேன். இரண்டு மீட்டருக்குள் இது நன்றாகவே வேலை செய்கிறது. அதே பட் மெடலில் என்றால் வேகத்தைக் குறைத்து முழு வளைவையும் கொடுப்பேன், தவறினாலும் பந்து குழியருகே நிற்க வேண்டும்.

ஆனால் 2 புள்ளிக்கான பட்டில் இதைச் செய்யாதீர்கள். அங்கே மூன்று பட் ஆனால் ஒரு புள்ளி போகும், மெடலில் ஓர் அடி போவது மாதிரியேதான்.

ஈசூன்வாசி · 6 மார்ச், இரவு 9.33

அக்கா, இதற்கு முதலில் எது கடைசிப் புள்ளி என்று தெரிய வேண்டும். எங்கள் ஃப்ளைட்டில் ஹேண்டிகேப் 22காரர் ஒருவர் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 3 ஹோலில் ஆறாவது அடி தவறியதும் பந்தை எடுத்துவிட்டார். அவருக்கு அங்கே இரண்டு அடி உண்டு. பார் 4இல் 7 போட்டிருந்தாலும் 1 புள்ளி கிடைத்திருக்கும்.

பழைய கேடி · 6 மார்ச், இரவு 10.10

இது அடிக்கடி நடக்கிற தப்பு. டீயில் நிற்கும்போதே "இங்கே எனக்குப் பூஜ்யம் எத்தனையாவது அடியில்?" என்று மனதில் ஓர் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். பார், கூட இரண்டு, கூட அந்த ஹோலில் கிடைக்கும் அடி. அவருக்கு அங்கே 8, இண்டெக்ஸ் 5 முதல் 18 வரையுள்ள பார் 4 ஹோல்களில் 7. அந்த எண்ணைத் தொட்டதும் பந்தை எடுங்கள், பின்னால் வரும் ஃப்ளைட் வாழ்த்தும். மெடலில் அப்படி எடுத்து, சரி செய்யாமல் அடுத்த டீயில் அடித்துவிட்டால் தகுதி நீக்கம்.

மணல்மேடு · 7 மார்ச், காலை 7.48

ஒரு கேள்வி மிச்சம். 100 பேர் ஆடும் போட்டியில் சராசரி எனக்கு எதற்கு? முதல் பரிசுக்கு 41, 42 புள்ளி வேண்டும். பத்திரமாக ஆடி 34 எடுத்து என்ன செய்வது? ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால்தானே மேலே போக முடியும்? சராசரியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது டிரைவர் எடுப்பேன்.

பழைய கேடி · 7 மார்ச், மதியம் 1.30

முதல் பரிசு மட்டுமே குறி என்றால் உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் அது மெடலுக்கும் பொருந்தும், அங்கேயும் ஏற்ற இறக்கம்தான் மேலே கொண்டுபோகும். ஆகவே இது முறைகளுக்கு இடையிலான வித்தியாசம் இல்லை. இன்னொன்று, 18 ஹோலில் ஒரே ஒரு ஹோலின் துணிச்சல் மொத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நீங்கள் நினைக்கிற அளவு பெருக்காது.

மணல்மேடு · 7 மார்ச், மதியம் 1.52

ஒரு ஹோலில் இல்லை அண்ணே, குளம் இருக்கும் ஆறு ஹோலிலும் எடுப்பேன். அப்போது பெருகும்.

தெம்பனீஸ் 24 · 7 மார்ச், இரவு 8.40

ஆறு ஹோலிலும் எடுத்தால் சராசரியும் ஆறு முறை இறங்கும். எது எதை ஜெயிக்கும் என்பது அவரவர் அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு இதில் முடிவான கருத்து இல்லை.

ஈசூன்வாசி · 9 மார்ச், இரவு 10.26

அட்டையைத் தேடி எடுத்தேன். அந்த ஹோலில் கடைசியாக ஆடிய 12 தடவை கிடைத்தது, எந்தக் கிளப் என்று ஓரத்தில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு.

டிரைவர் 7 தடவை: 4, 5, 5, 6, 7, 8, 9. மொத்தம் 44 அடி, 8 புள்ளி. ஒரு தடவைக்கு சராசரி 6.3 அடி, 1.1 புள்ளி.

ஹைபிரிட் 5 தடவை: 5, 5, 6, 6, 6. மொத்தம் 28 அடி, 7 புள்ளி. சராசரி 5.6 அடி, 1.4 புள்ளி.

தள்ளுபடி எனக்கு மூன்று அடி கிடைத்திருக்கிறது, கேடி அண்ணன் சொன்ன அந்த 8உம் 9உம். ஆனாலும் டிரைவர் புள்ளியிலும் தோற்கிறது. என் ஃப்ளைட் சொன்னது எனக்குப் பொருந்தவில்லை. அடுத்த மாத ஸ்டேபிள்ஃபோர்டிலும் ஹைபிரிட்தான்.

மணல்மேடு · 9 மார்ச், இரவு 10.41

7 தடவையை வைத்து முடிவு கட்டுகிறீர்களா? அந்த 9 ஒரு 5 ஆகியிருந்தால் 10 புள்ளி, ஹைபிரிட்டுக்குச் சமம்.

பழைய கேடி · 10 மார்ச், காலை 6.55

மணல்மேடு சொல்வது நியாயம், 12 தடவை குறைவு. ஆனால் தம்பி, ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்த 8லும் 9லும் மூன்றாவது அடி எங்கே போனது? கிரீனைக் குறிவைத்து மறுபடி குளத்தில் விழுந்திருந்தால், குற்றம் டிரைவருடையது இல்லை. இனி ஒவ்வொரு தடவையும் மூன்று குறிப்பு எழுதுங்கள்: டீ பந்து எங்கே நின்றது, டிராப் செய்த பிறகு எந்தக் கிளப், அது எங்கே போனது. மெடலில் டிராப் ஆனதும் 60 மீட்டர் விட்டுத் தட்டுங்கள், ஸ்டேபிள்ஃபோர்டில் பந்து சமதளத்தில் நின்றால் மட்டும் கிரீனைப் பாருங்கள். சரிவில் பந்து கால் மட்டத்துக்கு மேல் நின்றால் இரண்டு ஆட்டத்திலும் தட்டுங்கள்.

ஈசூன்வாசி · 10 மார்ச், காலை 7.30

8இல் இரண்டு பந்து குளத்தில். 9இல் டீ பந்து மட்டும்தான் குளம், மூன்றாவது அடி வலப்பக்கம் மரத்தடியில், பிறகு மூன்று பட். ஆக ஒன்று நீங்கள் சொன்னது, ஒன்று இல்லை. மெடல் இந்த ஞாயிறு, மழை வந்து சைரன் அடிக்காமல் இருந்தால் குறிப்போடு வருகிறேன்.